சுழன்றது, மேலே வரவில்லை: ஒரு பழைய ஹோண்டா சிட்டியின் கியர் குமிழ்

வண்டி 2001ஆம் ஆண்டு ஹோண்டா சிட்டி. உரிமையாளர் கோவையில் ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியர். குறை மிகச் சிறியது. கியர் லீவரைச் சுற்றியுள்ள ரெக்சின் உறை, பட்டறையில் நாங்கள் 'பூட்' என்று சொல்வது, வெயிலில் காய்ந்து மடிப்புகளில் கிழிந்திருந்தது. வண்டி ஓடும்போது கிழிசல் வழியாகச் சூடான காற்றும் சத்தமும் தூசியும் உள்ளே வந்தன. புதிய உறையை அவரே வாங்கி வைத்திருந்தார். ஆனால் அந்த உறையின் மேல்வாய் லீவர் நுழையும் அளவுக்குத்தான் இருக்கும், குமிழ் நுழையாது. ஆகவே உறையை மாற்ற வேண்டுமானால் குமிழைக் கழற்றியே ஆக வேண்டும். அதுதான் வரவில்லை.

"தம்பி, இரண்டு இடத்தில் காட்டிவிட்டேன். ஒருவர் முறுக்கிப் பார்த்துவிட்டு லீவரையே மாற்றச் சொன்னார். இன்னொருவர் குமிழை உடைக்க வேண்டும் என்றார். எனக்கு இரண்டும் பிடிக்கவில்லை" என்றார்.

கடைசியில் நானும் உடைத்துத்தான் எடுத்தேன். ஆனால் உடைக்க வேண்டிய நிலை எப்படி வந்தது, அதில் என் பங்கு எவ்வளவு, லீவரின் மரைக்குச் சேதமில்லாமல் எப்படி எடுத்தோம் என்பதை எழுதிவைக்க விரும்புகிறேன். இதே வேலை பழைய கார் வைத்திருக்கும் பலருக்கும் வருகிறது. பெரும்பாலோர் முதல் ஐந்து நிமிடத்திலேயே தவறான திசையில் போய்விடுகிறார்கள்.

முதல் கேள்வி, குமிழ் எதனால் லீவரில் நிற்கிறது என்பது. ஹோண்டாவில் இதற்கு விடை எளிது. அந்தக் காலத்து ஹோண்டா மேனுவல் வண்டிகளில் லீவரின் நுனியில் மரை இருக்கும். விட்டம் 10 மில்லிமீட்டர், மரைக்கு மரை இடைவெளி 1.5 மில்லிமீட்டர். கடிகார முள் ஓடும் திசைக்கு எதிராகத் திருகினால் குமிழ் கழன்று வரவேண்டும். டொயோட்டா என்றால் 12 மில்லிமீட்டர் விட்டம், 1.25 மில்லிமீட்டர் மரை. மஸ்டா, மிட்சுபிஷி வண்டிகளில் பெரும்பாலும் 10 மில்லிமீட்டர் விட்டம், 1.25 மில்லிமீட்டர் மரை. இந்த எண்கள் பின்னால் தேவைப்படும்.

எல்லா வண்டியும் இப்படி இல்லை. நம் ஊரில் 2000ஆம் ஆண்டிலிருந்து சில வருடங்கள் விற்ற ஓப்பல் கோர்சாவை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் மரையே கிடையாது. குமிழைச் சூடாக்கி லீவரின் மேல் அடித்து இறக்கியிருப்பார்கள். அதைத் திருகிக்கொண்டே இருந்தால் இரவு வரை திருகலாம். சுமார் 80 டிகிரி வெந்நீரின் சூட்டில் பிளாஸ்டிக்கை இளகவைத்து, லேசாக முறுக்கியபடி, அடியிலிருந்து மரக்கட்டை வைத்து மேல்நோக்கித் தட்டி எடுக்க வேண்டும். ரிவர்ஸ் கியருக்காகத் தூக்கும் வளையம் குமிழுக்கு நேர் கீழே இருப்பதால், கட்டை அந்த வளையத்தில் ஊன்றக் கூடாது. அப்படியும் குமிழ் உடைந்துபோக நல்ல வாய்ப்பு உண்டு. புதிய குமிழ் கையில் இல்லாமல் கோர்சாவில் இந்த வேலையைத் தொடங்கக் கூடாது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த வகைக் குமிழ் விடும்போது திடீரென்று விடும். மேலே குனிந்து இரண்டு கையாலும் இழுப்பவரின் பற்களுக்கு நேராகத்தான் அது வரும். முகத்தை விலக்கி வைத்துக்கொண்டு இழுப்பதுதான் புத்தி.

ஆகவே, வண்டி எந்த வகை என்று தெரியாமல் கை வைப்பதில் பொருள் இல்லை. தெரியாவிட்டால் அதே மாடலுக்கான புதிய குமிழைக் கடையில் கேட்டு வாங்கி அடிப்பக்கத்தைப் பாருங்கள். துளைக்குள் மரை இருக்கிறதா, வழவழப்பாக இருக்கிறதா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

சிட்டிக்கு வருகிறேன். மரை உண்டு என்பது உறுதி. பிறகு ஏன் கழலவில்லை? கிழிந்த உறையைக் கீழே தள்ளிவிட்டு, குமிழின் அடிப்பக்கத்தை டார்ச் அடித்துப் பல் மருத்துவர் கண்ணாடியால் பார்த்தேன். மலிவாகக் கிடைக்கும் அந்தச் சிறிய கண்ணாடி இந்த வேலையில் ஸ்பேனரைவிட உதவுகிறது. அடியில் மூன்று விஷயங்கள் தெரிந்தன.

குமிழின் வாயைச் சுற்றி, லீவரின் கருப்பு மேல்பூச்சில், மாவு தூவியதுபோல் வெண்ணிறப் படிவு. இது ஃபெவிக்விக் வகைப் பசையின் அடையாளம். அந்தப் பசை காயும்போது எழும் ஆவி பக்கத்தில் படிந்து வெள்ளையாகப் பூக்கும். அதன் மேலேயே, தேன் உறைந்ததுபோல் மஞ்சளாக, கண்ணாடித்தன்மையுடன் ஒரு வளையம். அது இரண்டு டியூபைக் கலந்து பூசும் எபாக்சி பசை. முதல் பசை நிற்கவில்லை என்று யாரோ இரண்டாவதையும் பூசியிருக்கிறார்கள். மூன்றாவதாக, லீவரைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் கன்சோலில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குப் பளபளப்பு போன ஒரு திட்டு.

அந்தத் திட்டைக் காட்டிக் கேட்டேன்.

"நெயில் பாலிஷ் ரிமூவர் ஊற்றினால் பசை கரையும் என்று ஒருவர் சொன்னார். ஊற்றிப் பார்த்தேன்" என்றார்.

அசிட்டோன் ஃபெவிக்விக்கைக் கரைக்கும் என்பது உண்மை. ஆனால் பசை இருக்கும் இடம் மரைக்குள். 14 மில்லிமீட்டர் ஆழத்துக்குச் சுற்றிச் சுற்றிப் போகும் மெல்லிய இடுக்கு அது. மேலும் குமிழின் வாய் கீழ்நோக்கி இருக்கிறது, ஊற்றிய திரவம் கீழே வழியுமே தவிர மேலே ஏறாது. பசையின் ஓரத்தை நனைத்துவிட்டு ஆவியாகிவிடும். எபாக்சியை அது தொடக்கூட முடியாது. வழிந்த துளிகள் கன்சோல் பிளாஸ்டிக்கைத்தான் கரைத்தன. துரு இளக்கும் எண்ணெயும் இதே கதிதான். துரு பிடித்த மரைக்கு அது நல்ல மருந்து. பசை பிடித்த மரையில் ஒன்றும் செய்யாது, கூடவே குமிழைப் பிடிக்க முடியாதபடி வழுக்கவும் வைக்கும்.

குமிழ் வண்டியோடு வந்தது அல்ல என்பதும் தெரிந்தது. கடையில் ஹோண்டாவுக்கென்று மரையோடு விற்கும் வகை. மேலே தோல் போன்ற உறை, உள்ளே கருப்பு பிளாஸ்டிக், நடுவில் மரை வெட்டிய அலுமினியக் குழாய். இப்படிப்பட்ட வெளிக் குமிழ்களில் இன்னொன்றையும் தேட வேண்டும். பல குமிழ்கள் மரையோடு சேர்த்து, அடியில் பக்கவாட்டில் இருக்கும் இரண்டு மூன்று தலையில்லாத் திருகுகளால் இறுக்கப்பட்டிருக்கும். ஆலன் கீ போடும் அந்தச் சிறு துளைகள் பசையாலோ அழுக்காலோ மூடியிருந்தால் கண்ணுக்குத் தெரியாது. ஊசியால் சுற்றிலும் சுரண்டிப் பார்த்தேன், இதில் திருகு இல்லை. இருந்திருந்து, அதைத் தளர்த்தாமல் முறுக்கியிருந்தால், லீவரின் மரையையே அது உழுதிருக்கும்.

ஏன் ஒட்டினார்கள் என்பதையும் ஆசிரியரே சொன்னார். வண்டியை வாங்கியபோதே குமிழ் இப்படித்தான் இருந்ததாம். முந்தைய உரிமையாளர், குமிழை முழுக்க இறுக்கினால் மேலே உள்ள கியர் எண்கள் பக்கவாட்டில் திரும்பிவிடுகின்றன, நேராக வைத்தால் ஆடுகிறது, அதனால் ஒட்டிவிட்டேன் என்று விற்கும்போது சொன்னாராம். பழைய வண்டிகளில் குமிழ் ஒட்டப்படுவதற்கு இதுவே மிகப் பெரிய காரணம் என்று என் அனுபவத்தில் சொல்வேன். மரை தேய்ந்து ஒட்டுவது அதற்கு அடுத்ததுதான்.

இனி வேலை. சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, கைப்பிரேக் போட்டு, லீவரை நான்காவது கியரில் வைத்தேன். லீவர் பின்பக்கம் சாய்ந்து நிற்கும், டேஷ்போர்டில் முழங்கை இடிக்காது. குமிழுக்குக் கீழே, மரை இல்லாத வழவழப்பான பகுதியில், செப்புத் தகட்டைச் சுற்றி வைஸ் கிரிப்பால் பிடித்தேன். இது முக்கியம். இந்தச் சிட்டியில் லீவரின் அடியில் ஒரு பந்துமுனை பிளாஸ்டிக் கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. அதிலிருந்து ஒரு கம்பி கியர்பெட்டிக்குப் போகிறது. லீவரைப் பிடிக்காமல் குமிழை முறுக்கினால், அந்த முறுக்கு முழுவதும் பிளாஸ்டிக் கிண்ணத்துக்கும் கம்பியின் இணைப்புக்கும் போகும். குமிழைக் கழற்றப் போய் கியர் 'லூசு' ஆகிவிட்டது என்று வருபவர்கள் இப்படித்தான் வருகிறார்கள்.

பிறகு ஒரு சிறிய ஏற்பாடு செய்தேன். லீவரில் காகித டேப் ஒட்டி அதில் ஒரு குறுக்குக் கோடு, குமிழின் ஓரத்தில் ஒரு செங்குத்துக் கோடு. குமிழின் அடியிலிருந்து டேப் கோடு வரை வெர்னியரால் அளந்தேன். 12 மில்லிமீட்டர். ஏன் அளந்தேன் என்பது சற்று நேரத்தில் தெரியும்.

அடுத்து வெப்பம். ஃபெவிக்விக், எபாக்சி இரண்டுமே வெப்பத்தில் வலுவிழப்பவை. வீட்டில் கலந்து பூசும் சாதாரண எபாக்சி 60, 70 டிகிரியிலேயே ரப்பர் போல இளகத் தொடங்கும். ஆகவே நெருப்பு வேண்டாம், ஹாட் ஏர் கன்னும் வேண்டாம் என்று முடிவு செய்தேன். துண்டைக் கொதிநீரில் நனைத்துப் பிழிந்து, குமிழைச் சுற்றி, மேலே பாலிதீன் பையால் கட்டினேன். கொதிநீருக்கு 100 டிகிரிக்கு மேல் போக வழியில்லை, ஆகவே குமிழ் கருகாது. துண்டை நன்றாகப் பிழிய வேண்டும். ஏர்பேக் உள்ள வண்டிகளில் அதன் கட்டுப்பாட்டுப் பெட்டி பெரும்பாலும் கியர் லீவருக்குப் பக்கத்தில் கன்சோலுக்கு அடியில்தான் இருக்கும், அங்கே நீர் சொட்டக் கூடாது. பத்து நிமிடம் வைத்தேன், துண்டை மாற்றி இன்னொரு பத்து நிமிடம். அகச்சிவப்பு வெப்பமானி குமிழின் மேற்பரப்பை 70 டிகிரிக்கு அருகில் காட்டியது. பழைய சைக்கிள் டியூபைக் குமிழைச் சுற்றி இறுக்கிச் சுற்றி, இரண்டு கையாலும் இடப்பக்கம் திருகினேன்.

குமிழ் திரும்பியது.

ஆசிரியர் முகம் மலர்ந்தது. எனக்கும் ஒரு நொடி மகிழ்ச்சிதான். ஆனால் கையில் ஏதோ சரியில்லை. மரை கழலும்போது ஒரு சொரசொரப்பு இருக்கும், முதலில் பசை நொறுங்கும் ஓசை வரும். இது வழவழவென்று, உலர்ந்த கீச்சொலியுடன் திரும்பியது. நான்கு முழுச் சுற்று சுற்றினேன். ஒவ்வொரு சுற்றுக்கும் 1.5 மில்லிமீட்டர் வீதம் குமிழ் 6 மில்லிமீட்டர் உயர்ந்திருக்க வேண்டும். வெர்னியரை வைத்தேன். 12 மில்லிமீட்டர். ஒரு முடி அளவுகூட நகரவில்லை. வலப்பக்கம் திருப்பிப் பார்த்தேன், அதே எளிமையோடு அந்தப் பக்கமும் சுற்றியது. மரையில் உள்ள குமிழ் வலப்பக்கம் ஓரிடத்தில் இறுகி நிற்க வேண்டும். இது எங்கேயும் நிற்கவில்லை.

என்ன நடந்தது என்பது தெளிவு. லீவரின் மரையும் அலுமினியக் குழாயும் ஒட்டியபடியே இருக்கின்றன. குழாயைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் மட்டும் விட்டுவிட்டது. வெளிக்கூடு உள்குழாயைச் சுற்றி வெறுமனே உருள்கிறது.

இதற்குக் காரணம் நான் வெப்பம் கொடுத்த விதம். இதைச் சொல்லிக்கொள்ளத் தயக்கமில்லை, ஏனென்றால் பலரும் இப்படியே செய்கிறார்கள். பிளாஸ்டிக் வெப்பத்தை எளிதில் கடத்தாது. வெளியிலிருந்து சூடாக்கினால் முதலில் சூடாவது வெளிக்கூடு. அலுமினியத்தைவிடப் பிளாஸ்டிக் வெப்பத்தில் மூன்று நான்கு மடங்கு அதிகமாக விரியும். வெளிக்கூடு விரிந்து, இளகி, குழாயின் மேல் தன் பிடியைத் தளர்த்துகிறது. அதே நேரத்தில் மரைக்குள் இருக்கும் பசை, குளிர்ந்த எஃகு லீவரோடு ஒட்டிக்கொண்டு, அந்த வெப்பத்தின் பாதியைக்கூடப் பார்த்திருக்காது. லீவர் கீழே நீண்டு போவதால் வந்த வெப்பத்தையும் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். நாம் விடவைக்க நினைத்த பிணைப்பு விடுவதற்கு முன், விடக் கூடாத பிணைப்பு விட்டுவிடுகிறது.

வெப்பம் உள்ளிருந்து வந்திருக்க வேண்டும். குமிழுக்குக் கீழே வெளியே தெரியும் லீவரின் உலோகத்தில் சால்டரிங் அயர்னை வைத்து அழுத்தினால், வெப்பம் எஃகு வழியாக மரைக்கு ஏறும். பசை முதலில் இளகும், பிளாஸ்டிக் கடைசியில்தான் சூடாகும். சில மாதங்களுக்குப் பிறகு இதேபோல் ஒட்டப்பட்ட இன்னொரு வண்டியில் அப்படிச் செய்தேன். கால் மணி நேரம் பிடித்தது. குமிழ் முழுதாகக் கழன்று வந்தது. சிட்டிக்கு அந்த வாய்ப்பைக் கொடுக்காமல் போனதில் எனக்கு இன்றும் வருத்தம்தான்.

கூடு உருளத் தொடங்கிய பிறகு முறுக்கிப் பயனில்லை. மேலே இழுத்தும் பார்த்தேன். இந்தக் குழாய்களின் நடுவில் ஒரு பள்ளம் வெட்டி, அதற்குள் பிளாஸ்டிக் இறங்கும்படி வார்ப்பார்கள். ஆகவே கூடு சுற்றும், உருவி வராது. குமிழைப் பலி கொடுக்க வேண்டும் என்று ஆசிரியரிடம் சொன்னேன். வண்டியோடு வந்த வகைக் குமிழ் ஒன்றை வாங்கித் தருவதாகவும் சொன்னேன்.

"லீவர் நன்றாக இருந்தால் போதும் தம்பி. குமிழ் போனால் போகட்டும்" என்றார்.

முதலில் மேலுறையைக் கத்தியால் கீறி உரித்தேன். கன்சோலை ஈரத் துணியாலும் செய்தித்தாளாலும் மூடினேன். ஆங்கிள் கிரைண்டர் எடுத்தால் இரண்டு நிமிட வேலை, ஆனால் ரெக்சினும் துணியும் சூழ்ந்த இடத்தில் தீப்பொறி பறக்க விடுவது எனக்கு ஒப்புதல் இல்லை. கிரைண்டர் கை தவறினால் வெட்டுவது லீவரின் மரையை. ஹேக்சா பிளேடின் ஒரு முனையில் துணி சுற்றிக் கைப்பிடியாக்கி, குமிழின் பக்கவாட்டில் மேலிருந்து கீழாக அறுத்தேன்.

எவ்வளவு ஆழம் அறுப்பது? பிளேடிலிருந்து விழும் தூளைப் பார்த்தாலே போதும். முதலில் மிளகுத்தூள் போலக் கருப்பாக விழும். திடீரென்று அதில் வெள்ளி மினுக்குகள் கலக்கும். அலுமினியத்தை எட்டிவிட்டோம் என்று அர்த்தம். அந்த இடத்தில் நிறுத்தினேன். நேர் எதிர்ப்பக்கத்தில் இன்னொரு வெட்டு, அங்கும் மினுக்கு தெரிந்ததும் நிறுத்தம். வெட்டுக்குள் தட்டைத் திருப்புளியை வைத்து ஒரு திருப்பு திருப்பியதும், தேங்காய் மூடி போல இரண்டு பாதியாகக் கூடு பிரிந்தது. உள்ளே பெருவிரல் பருமனில் அலுமினியக் குழாய் லீவரின் உச்சியில் உட்கார்ந்திருந்தது. அதன் நடுவில் எதிர்பார்த்த பள்ளமும் இருந்தது.

அதன் பிறகு எல்லாம் எளிதாயிற்று. வாயைச் சுற்றியிருந்த மஞ்சள் எபாக்சி வளையத்தைப் பிளேடு நுனியால் கொத்தி எடுத்தேன். அது வெளியே பூட்டு போல நின்றால் உள்ளே பசை விட்டாலும் குழாய் நகராது. பிறகு 60 வாட் சால்டரிங் அயர்னைக் குழாயின் பக்கத்தில் அழுத்திப் பிடித்தேன். நான்கைந்து நிமிடத்தில் விரலை நனைத்து ஒரு துளி நீரைக் குழாயின் மேல் சொட்டினேன். 'சுர்' என்று துள்ளியது, 100 டிகிரி தாண்டிவிட்டது. இந்த நேரத்தில் கார்க் கதவுகள் நான்கும் திறந்திருக்க வேண்டும். ஃபெவிக்விக் சூடேறும்போது வரும் புகை கண்ணையும் மூக்கையும் கடுமையாக எரிக்கும், அதன் மேல் குனியக் கூடாது.

இன்னொரு வைஸ் கிரிப்பால் குழாயைப் பிடித்தேன். ஒரே மூச்சாக இடப்பக்கம் இழுக்காமல், இடம் வலம் என்று மாற்றி மாற்றிச் சிறு உதறல்களாகக் கொடுத்தேன். நீண்ட ஒரே அழுத்தத்தைவிட இந்த உதறல்தான் பசையின் அடுக்கை நொறுக்குகிறது. ஏழாவதோ எட்டாவதோ உதறலில் 'டக்' என்று ஓசை கேட்டது. குழாயின் அடியிலிருந்து வெள்ளைத் தூள் டேப்பின் மேல் கொட்டியது. இடப்பக்கம் மூன்று சுற்று சுற்றிவிட்டு அளந்தேன். 4.5 மில்லிமீட்டர் உயர்ந்திருந்தது. இப்போதுதான் மரை கழல்கிறது. மொத்தம் ஒன்பது சுற்றில் குழாய் கையில் வந்தது.

ஒட்டியிருந்தது சிவப்பு நிற லாக்டைட் வகைப் பசையாக இருந்திருந்தால் கதை வேறு. திருகுகள் தளராமல் இருக்கப் பூசும் அந்தப் பசையின் வலுவான வகை இளக 250 டிகிரி அளவுக்கு வெப்பம் வேண்டும். அந்த வெப்பத்தைப் பிளாஸ்டிக் குமிழ் தாங்காது. குமிழின் வாயில் சிவப்புத் துணுக்குகள் தெரிந்தால் குமிழைக் காப்பாற்றும் எண்ணத்தை விட்டுவிட்டு, நேராக அறுத்து, குழாயை மட்டும் சூடாக்குவதே சரி. நீல நிறம் என்றால் அவ்வளவு அச்சம் தேவையில்லை, லீவரைச் சரியாகப் பிடித்துக்கொண்டு கையால் முறுக்கினாலே பெரும்பாலும் விடும்.

லீவரின் மரை பார்க்க நன்றாக இருந்தது, பள்ளங்களில் மட்டும் பசை. பித்தளைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, அசிட்டோனில் நனைத்த துணியால் துடைத்தேன். துணியில் நனைத்துத்தான், ஊற்றி அல்ல. பிறகு ஹார்டுவேர் கடையில் வாங்கிய சாதாரண 10 மில்லிமீட்டர் நட் ஒன்றை விரலால் ஏற்றினேன். கடையில் கிடைக்கும் சாதாரண 10 மில்லிமீட்டர் நட்டுக்கும் 1.5 மரைதான், ஹோண்டாக்காரர்களுக்கு இது ஒரு வசதி. மூன்று மரை போய் நின்றது. மறுபடி தூரிகை, மறுபடி நட். இரண்டாவது முறை அடிவரை விரலாலேயே ஓடியது.

இந்த இடத்தில் மரை சுத்தம் செய்ய, கம்பியில் மரை வெட்டும் கருவியான 'டை' போடுவது வழக்கம். போடலாம், ஆனால் இடைவெளி சரியாக 1.5 தானா என்று நட்டால் சோதித்த பிறகுதான். 10 மில்லிமீட்டரில் 1.25 மரையுள்ள டையும் பட்டறையில் பக்கத்திலேயே கிடக்கும். அதை இந்த லீவரில் ஏற்றினால் ஓரளவு ஏறும், பழைய மரையின் மேல் குறுக்கே புது மரை வெட்டிக்கொண்டே ஏறும். அதன் பிறகு எந்தக் குமிழும் அதில் நிற்காது. அப்போது லீவரை மாற்றச் சொன்னவர் சொன்னது சரியாகிவிடும்.

புதிய உறையைப் போட்டேன். அதன் பிறகு, முந்தைய உரிமையாளரைப் பசை தேட வைத்த அதே சிக்கல் என் முன்னாலும் வந்து நின்றது. புதிய குமிழை முழுக்க இறுக்கினால் கியர் எண்கள் கால் சுற்று வலப்பக்கம் தாண்டி நின்றன.

பசை இல்லாமல் இதற்கு இரண்டு வழிகள் உண்டு. நான் செய்தது லாக் நட். குமிழுக்கு முன்பே அந்த 10 மில்லிமீட்டர் நட்டை லீவரில் ஏற்றி, கீழே இறக்கி வைத்தேன். குமிழை முழுக்கத் திருகி, எண்கள் நேராக வரும்வரை கால் சுற்று பின்னால் திருப்பினேன். ஒரு கையால் குமிழை அப்படியே பிடித்துக்கொண்டு, மறுகையால் நட்டை மேலே ஏற்றி, குமிழின் அடியில் முட்டவைத்து 17 எண் ஸ்பேனரால் இறுக்கினேன். மரையின் மேல் இரண்டு பக்கமும் இழுப்பு விழுவதால் குமிழ் அசையாது. உறையின் மேல்வாய் நட்டை மூடிக்கொண்டது.

நட்டுக்கு இடமில்லாத வண்டிகளில் கணக்குப் போட்டு வாஷர் வைக்கலாம். ஒரு சுற்றுக்கு 1.5 மில்லிமீட்டர் என்றால் கால் சுற்றுக்கு 0.375 மில்லிமீட்டர். எண்கள் கால் சுற்று தாண்டி நின்றால், ஏறத்தாழ அந்தப் பருமனில் ஒரு தகட்டுத் துண்டைக் குமிழின் துளைக்குள் போட்டால் லீவரின் நுனி அதில் முட்டி, குமிழ் கால் சுற்று முன்பே நின்றுவிடும். மாறாக, கால் சுற்று எட்டாமல் நின்றால் முக்கால் சுற்று முன்பே நிறுத்த வேண்டும், அதற்கு ஏறத்தாழ 1.1 மில்லிமீட்டர். குளிர்பான டின்னின் தகடு மிக மெல்லியது, சில துண்டுகள் அடுக்கினால் தேவையான பருமன் வந்துவிடும். குழாய் வேலைக்குப் பயன்படும் டெஃப்ளான் டேப்பை மரையில் இரண்டு மூன்று சுற்று சுற்றுவதும் பலருக்குக் கைகொடுக்கிறது. அது லாக் நட் அளவுக்கு உறுதியில்லை, ஆனால் அடுத்தவர் கையாலேயே கழற்றலாம்.

நட்டும் குமிழும் சேரும் இடத்தில் வெள்ளை பெயின்டால் ஒரு மெல்லிய கோடு இழுத்துவிட்டேன். தளர்ந்தால் கோடு உடையும். மூன்று மாதம் கழித்து எண்ணெய் மாற்ற வண்டி வந்தபோது, ஆசிரியர் பேச்சைத் தொடங்குவதற்கு முன்பே உறையைக் கீழே இறக்கிப் பார்த்தேன். கோடு நேராக இருந்தது.